போன்ல 96 எம்பிபிஎஸ், பிஎஸ்4-ல ஒரு எம்பிபிஎஸ் கூட இல்ல: ரெண்டு நாள் உக்காந்து கண்டுபிடிச்ச கதை

போன மாசம் மதுரைல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போய் செருப்பக் கழட்டுறதுக்குள்ள அக்கா பையன் வந்து நிக்கிறான், "மாமா, நைட்டு பூரா போட்டு வெச்சும் கேம் மூணு ஜிபி தான் இறங்கியிருக்கு, இன்னும் நாலஞ்சு நாள் ஆகும்னு காட்டுது"ன்னு. வீட்டுல 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான். நெட்காரர் ரெண்டு தடவ வந்து பாத்துட்டாராம், ரெண்டு தடவயும் ஹால்ல ரூட்டர் பக்கத்துல நின்னு போன்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டு 96 வருது பாருங்க, எங்க பக்கம் ஒண்ணும் இல்ல, உங்க கேம் மெஷின்ல தான் ஏதோன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். அவர் சொன்னது பொய்யும் இல்ல, ஆனா முழு உண்மையும் இல்ல. இந்தப் பிரச்சன நிறைய வீட்டுல இருக்கு, எல்லாரும் டிஎன்எஸ் மாத்து, ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னு சொல்றாங்க, அது சிலருக்கு வேல செய்யுது சிலருக்கு செய்யல, ஏன்னு யாரும் சொல்றதில்ல. அதனால நான் பண்ணுனத வரிசையா எழுதி வெக்கிறேன்.

மெஷின் பழைய தடி மாடல் பிஎஸ்4, பின்னாடி ஸ்டிக்கர்ல CUH-12ன்னு ஆரம்பிக்கும். கேம் 48 ஜிபி. பையனோட ரூம்ல இருக்கு, ரூட்டர் ஹால்ல, நடுவுல ரெண்டு சுவர்.

முதல்ல செஞ்சது, கன்சோல் காட்டுற "இன்னும் இத்தன மணி நேரம்"ங்கிறத நம்பாம, நானே அளந்தது. டவுன்லோட் ஸ்கிரீன்ல எத்தன ஜிபி இறங்கியிருக்குன்னு காட்டும்ல, அதக் குறிச்சு வெச்சுட்டு சரியா பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி குறிக்கணும், அவ்வளவு தான். கணக்கு சுலபம், பத்து நிமிஷத்துல இறங்குன எம்பிய 75-ஆல வகுத்தா எம்பிபிஎஸ் வந்துரும் (ஒரு பைட்டுக்கு எட்டு பிட், பத்து நிமிஷத்துக்கு 600 செகண்ட், 600-ஐ எட்டால வகுத்தா 75). நைட்டுக்கும் இதே மாதிரி தான், எட்டு மணி நேரத்துல மூணு ஜிபின்னா 0.83 எம்பிபிஎஸ். நூறு எம்பிபிஎஸ் லைன்ல ஒரு சதவீதம் கூட இல்ல. இந்த 0.83-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி இதே நம்பர் வேற வழியா வந்து நிக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சில கேம் அப்டேட்ல டவுன்லோட் முடிஞ்ச அப்புறம் காப்பி பண்றேன்னு ஒரு கோடு மறுபடி ஆரம்பத்துல இருந்து ஓடும், அது நெட்டே கெடையாது, பழைய கேம் ஃபைலையும் புது ஃபைலையும் சேத்து ஹார்ட் டிஸ்க்ல எழுதிட்டு இருக்கு. பழைய சுத்துற டிஸ்க்ல அது அரை மணி ஒரு மணி கூட ஆகும், அதப் பாத்து நெட் ஸ்லோன்னு நெனச்சு ரூட்டர நோண்டுறவங்க நிறைய. இங்க அது இல்ல, நெஜமாவே டவுன்லோட் தான் ஊர்ந்துச்சு.

அடுத்து போன் டெஸ்ட்ட நியாயமா மறுபடி போட்டேன். நெட்காரர் ஹால்ல நின்னு போட்டாரு, கன்சோல் இருக்கிறது ரூம்ல. அதோட அவர் போன் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருந்திருக்கும், ஆனா இந்தப் பழைய பிஎஸ்4-க்கு 2.4 மட்டும் தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதுல கெடையவே கெடையாது (அப்புறம் வந்த ஸ்லிம்லயும் ப்ரோலயும் இருக்கு). ரூட்டர்ல ரெண்டு பேண்டுக்கும் ஒரே பேரு வெச்சிருந்தாங்க, அதனால போன் எதுல நிக்குதுன்னே யாருக்கும் தெரியல. ரூட்டர் செட்டிங்ஸ்ல போய் 2.4-க்கு தனிப் பேரு குடுத்தேன், போன அதுல மட்டும் கனெக்ட் பண்ணி, கன்சோல் மேலயே வெச்சு டெஸ்ட் போட்டேன்.

14 எம்பிபிஎஸ். அதே எடத்துல 5-ல போட்டா 70. ஹால்ல 96, இங்க 14, வீடு ஒண்ணு தான், லைன் ஒண்ணு தான்.

அப்போ ஒரு விஷயம் கண்ல பட்டுச்சு. கன்சோல் பக்கத்துலயே ஒட்டி ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், குட்டி வயரு, முன்னாடி இருக்கிற யூஎஸ்பி போர்ட்ல சொருகியிருக்கு. யூஎஸ்பி 3 ஓடும்போது வயர்ல இருந்தும் டிஸ்க் கூட்டுல இருந்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும், இது கட்டுக்கதை இல்ல, இன்டெல்லே 2012-ல இதப் பத்தி அளந்து ஒரு அறிக்கை போட்டிருக்கு. டிஸ்க்கக் கழட்டிட்டு அதே எடத்துல போன வெச்சு மறுபடி டெஸ்ட், 31. திருப்பி சொருகுனேன், 15. மூணு தடவ மாத்தி மாத்திப் பாத்தேன், ஒவ்வொரு தடவயும் அதே மாதிரி தான். பையன் அசந்துட்டான். உங்க வீட்டுலயும் டிஸ்க் கன்சோல உரசிக்கிட்டு இருந்தா, நல்ல ஷீல்டு உள்ள ஒரு நீள வயர் வாங்கி மூணடி தள்ளி வைங்க.

ஆனா இங்க நிப்பாட்டியிருந்தா தப்பு பண்ணியிருப்பேன். ஏன்னா வைஃபை மோசம் தான், ஆனா மோசமா இருக்கும்போதும் 14 குடுக்குது. இறங்குனதோ 0.83. மீதி 13 எங்க போச்சு? வைஃபை மட்டும் காரணம்னா டவுன்லோட் ஒரு பத்து எம்பிபிஎஸ்ஸாவது வந்திருக்கணும். ஒரு காரணம் கெடச்ச உடனே அது தான்னு முடிவு பண்ணாம, நம்பர் ஒத்துப் போகுதான்னு பாக்கணும், ஒத்துப் போகலன்னா இன்னொண்ணு ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

சரின்னு கடைக்குப் போய் 15 மீட்டர் லேன் கேபிள் ரெடியா ரெண்டு பக்கமும் பின் அடிச்சது வாங்கிட்டு வந்து, கதவோரமா ஓட்டி விட்டேன். கன்சோல்ல சொருகுறதுக்கு முன்னாடி அதே முனைய என் லேப்டாப்ல சொருகி டெஸ்ட் போட்டேன், 93. இத ஏன் சொல்றேன்னா, கேபிள் போட்டாச்சுன்னு நம்பிட்டு, உள்ள ஒரு ஜோடி வயர் சரியா ஒட்டாம இருந்தா நாள் கணக்குல அலைய வேண்டி வரும். கேபிள் நல்ல கேபிள்னு முடிவாச்சு. கன்சோல்ல சொருகி, வைஃபை ஆஃப், டவுன்லோட மறுபடி ஓட்டி பத்து நிமிஷம் அளந்தேன்.

70 எம்பி. அதாவது 0.93 எம்பிபிஎஸ்.

வைஃபைய முழுசா தூக்கிட்டோம், 0.83 போய் 0.93 ஆச்சு, அவ்வளவே. அக்கா காபி குடுத்துட்டு "கேபிள் வாங்குன காசு தண்டமாடா"ன்னு கேக்குறா. தண்டம் இல்லக்கா, இப்போ தான் ஒரு சந்தேகம் தீந்துச்சு, பாதை சுத்தமா இருக்கு, அப்போ பாதையில ஓடுறது தான் ஏதோ தடுக்குதுன்னு சொன்னேன்.

இங்க கொஞ்சம் நின்னு விளக்கணும், ஏன்னா மொத்த விஷயமும் இது தான். டவுன்லோட் ஸ்பீடுன்னா குழாய் எவ்வளவு அகலம்ங்கிறது மட்டும் இல்ல. டேட்டா வாங்குற மெஷின், அனுப்புற சர்வர் கிட்ட "எனக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு தான் அனுப்பு, நான் கெடச்சுதுன்னு சொன்ன அப்புறம் அடுத்தத அனுப்பு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அந்த அளவுக்கு ரிசீவ் விண்டோன்னு பேரு. தெருக்குழாய்ல தண்ணி பீச்சி அடிக்குதுன்னு வைங்க, ஆனா வீட்டுல இருந்து போற ஆளு கையில ஒரு சொம்பு தான் இருக்கு. போய் ஒரு சொம்பு புடிச்சு, வீட்டுக்கு வந்து ஊத்திட்டு, மறுபடி போகணும். தொட்டி எப்போ ரொம்பும்ங்கிறத குழாயோட வேகம் முடிவு பண்ணாது, சொம்போட அளவும் நடக்குற தூரமும் தான் முடிவு பண்ணும். சொம்பு சின்னதா இருந்தாலும் குழாய் வாசல்லயே இருந்தா சமாளிச்சுரலாம், நாலு தெரு தள்ளி இருந்தா பொழுது போயிரும்.

கணக்கா சொன்னா, விண்டோவ போயிட்டு வர்ற நேரத்தால வகுத்தா அது தான் அந்த ஒரு கனெக்ஷனோட உச்ச வேகம். குழாய் 100 எம்பிபிஎஸ்ஸா 1000-மாங்கிறதே இதுல வராது.

போன் ஸ்பீட் டெஸ்ட் ஏன் 96 காட்டுதுங்கிறதும் இதுலயே வந்துருச்சு. டெஸ்ட் ஆப் தானா பக்கத்துல இருக்கிற சர்வரத் தேடி எடுக்கும், பல சமயம் அது உங்க நெட்காரரோட நெட்வொர்க்குக்குள்ளயே இருக்கும், இங்க பிங், அதாவது போயிட்டு வர்ற நேரம், 5 மில்லிசெகண்ட் தான் காட்டுச்சு. அதோட ஒரே நேரத்துல பல கனெக்ஷன் தெறந்து இழுக்கும், அதாவது பத்து பேரு பத்து பெரிய குடத்தோட வாசல் குழாய்க்கு ஓடுற மாதிரி. அதுல வர்ற நம்பர் உங்க வீட்டுல இருந்து நெட்காரர் வாசல் வரைக்கும் குழாய் நல்லா இருக்குன்னு சொல்லுது. அதத் தாண்டி கேம் இருக்கிற சர்வர் வரைக்கும் என்ன நடக்குதுன்னும் சொல்லாது, உங்க கன்சோல் கையில என்ன சொம்பு இருக்குன்னும் சொல்லாது. டெஸ்ட் ஆப்ல Single கனெக்ஷன்னு மாத்தி, சர்வர சிங்கப்பூர் மாதிரி தூரமான எடமா எடுத்துப் போட்டுப் பாருங்க, வர்ற நம்பர் எவ்வளவு மாறுதுன்னு தெரியும்.

அடுத்த நாள் காலைல சொம்பு எவ்வளவுன்னு நேரடியா பாத்துரலாம்னு லேப்டாப்ப நடுவுல வெச்சேன். லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல நெட் வாங்கும், அத லேன் போர்ட் வழியா கன்சோலுக்குக் குடுக்கும். விண்டோஸ்ல வைஃபை அடாப்டரோட Properties போய் Sharing டேப்ல முதல் டிக்க போட்டா போதும், கன்சோலுக்கு 192.168.137-ல ஆரம்பிக்கிற ஒரு அட்ரஸ் தானா கெடைக்கும். இப்போ கன்சோலுக்குப் போற வர்ற ஒவ்வொரு பாக்கெட்டும் லேப்டாப்ப தாண்டித் தான் போகணும், பாக்கெட்ட புடிச்சுக் காட்டுற வயர்ஷார்க்ங்கிற சாஃப்ட்வேர தெறந்து லேன் இன்டர்ஃபேஸ்ல பாத்தா எல்லாம் தெரியும். இந்த மெஷின் கேம் ஃபைல இறக்கினது சாதாரண எச்டிடிபில, போர்ட் 80, அதனால வடிகட்டுறது சுலபம். கன்சோல் அனுப்புறத மட்டும் பாக்க:

```
tcp.port == 80 && ip.src == 192.168.137.45
```

கடைசி நம்பர் உங்க கன்சோலுக்கு என்ன கெடச்சுதோ அத போட்டுக்கோங்க, நெட்வொர்க் செட்டிங்ஸ்ல View Connection Status-ல இருக்கும்.

இதுல ஒரு முக்கியமான கண்ணி இருக்கு, நான் முதல் தடவ இதுல மாட்டுனேன். விண்டோ அளவு பாக்கெட்ல அப்படியே முழு நம்பரா இருக்காது, சுருக்கி எழுதியிருக்கும், எத்தனையால பெருக்கணும்ங்கிறத கனெக்ஷன் ஆரம்பிக்கும்போது முதல் பாக்கெட்ல மட்டும் தான் சொல்லும். நீங்க டவுன்லோட் ஓடிட்டு இருக்கும்போது நடுவுல வயர்ஷார்க்க ஆரம்பிச்சா அந்த முதல் பாக்கெட்ட தவறவிட்டுருவீங்க, அப்புறம் காட்டுற நம்பர் பெருக்காத நம்பர், பாத்தா எல்லாமே ரொம்பச் சின்னதா தெரியும். அதனால முதல்ல டவுன்லோட பாஸ் பண்ணி, வயர்ஷார்க்க ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் ரெஸ்யூம் குடுக்கணும். அந்த முதல் பாக்கெட்டுக்கு SYN-னு பேரு, அது புதுசா வந்துச்சான்னு கண்ணால பாத்த அப்புறம் தான் Calculated window size-ங்கிற வரிய நம்பணும்.

அப்படி சரியா பண்ணிப் பாத்தா, கன்சோல் அனுப்புன ஒவ்வொரு பாக்கெட்லயும் விண்டோ ஏழாயிரம் பைட் பக்கத்துலயே நிக்குது. ஏழு கிலோபைட்! ஒரு பாக்கெட் ஏறக்குறைய ஆயிரத்து ஐநூறு பைட், அதாவது அஞ்சு பாக்கெட் கூட தாராளமா போக முடியாது, அனுப்பிட்டு சர்வர் சும்மா காத்துட்டு நிக்கும். போயிட்டு வர்ற நேரத்தையும் அங்கயே பாத்துக்கலாம், SYN போன நேரத்துக்கும் அதுக்கு சர்வரோட பதிலா SYN, ACK திரும்பி வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி தான் அது. (பிங் போட்டுப் பாக்கலாம், ஆனா பிங்குக்குப் பதில் சொல்லாத சர்வரும் உண்டு, இந்த முறை எப்பவும் வேல செய்யும்.) 60 மில்லிசெகண்ட் வந்துச்சு.

இப்போ வகுத்துப் பாருங்க. 7000 பைட்ட எட்டால பெருக்குனா 56,000 பிட், அத 0.06 செகண்டால வகுத்தா ஒன்பது லட்சத்து முப்பதாயிரம் பிட், 0.93 எம்பிபிஎஸ். நேத்து கேபிள் போட்டு அளந்தது அதே 0.93! வைஃபைல இருந்தப்போ வைஃபையே ஒரு எட்டு மில்லிசெகண்ட் கூட்டியிருக்கும், 68-ஆல வகுத்தா 0.82, நைட்டு பூரா இறங்குனது 0.83. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்த சொல்லி மாளாது, பையன கூப்பிட்டு பேப்பர்ல போட்டுக் காட்டுனேன்.

சரி, கன்சோல் ஏன் ஏழு கேபி மட்டும் கேக்குது? பையன் கிட்ட கேட்டேன், ஏதாவது கேம் தெறந்து வெச்சிருக்கியான்னு. "இல்ல மாமா, நான் வெளயாடவே இல்ல, டிவியே ஆஃப்ல தான இருந்துச்சு". ஆனா ஹோம் ஸ்கிரீன்ல பாத்தா அவன் முந்தாநாள் வெளயாடுன ஆன்லைன் கேம் மூடாம அப்படியே நிக்குது. பிஎஸ் பட்டன அழுத்தி வெளிய வந்தா கேம் மூடிருச்சுன்னு நெனப்போம், மூடாது, பின்னாடி உக்காந்திருக்கும். கேம் இருக்கும்போது அதோட ஆன்லைன் ஆட்டம் திக்கக் கூடாதுன்னு பேக்ரவுண்ட் டவுன்லோடோட விண்டோவ கன்சோலே சுருக்கி வெச்சுக்கும், அது கோளாறு இல்ல, வேணும்னே பண்ணுன ஏற்பாடு. 2017-லயே ஒரு நெட்வொர்க் இன்ஜினியர் இதே மாதிரி பாக்கெட்ட புடிச்சுப் பாத்து விளக்கமா எழுதியிருந்தாரு, அதுலயும் இதே ஏழு கேபி தான். அதப் படிச்ச ஞாபகம் இருந்ததால தான் எனக்கு விண்டோவ பாக்கணும்னே தோணுச்சு.

சிக்கல் என்னன்னா, நாம வெளயாடாட்டியும் கேம் நின்னுட்டே இருந்தா கட்டுப்பாடும் நின்னுட்டே இருக்கும். இவன் ரெஸ்ட் மோட்ல போட்டுட்டுத் தூங்குறவன், Power Save Settings-ல ரெஸ்ட் மோட் பகுதில Keep Application Suspended-ங்கிறது டிக் ஆகியிருந்துச்சு, அதனால ராத்திரி பூராவும் கேம் உயிரோட இருந்திருக்கு.

ஹோம் ஸ்கிரீன்ல அந்த கேம் மேல நின்னு ஆப்ஷன்ஸ் பட்டன அழுத்தி Close Application குடுத்தோம். வயர்ஷார்க் ஓடிட்டே இருக்கு, நாங்க ரெண்டு பேரும் அந்த ஒரு நம்பரையே பாத்துட்டு இருக்கோம். ஏழாயிரத்துல இருந்த விண்டோ கொஞ்ச நேரத்துல ஆறு லட்சத்தத் தாண்டிருச்சு. பத்து நிமிஷம் அளந்தோம், 3 ஜிபி. நைட்டு பூரா இறங்குனது பத்தே நிமிஷத்துல. 40 எம்பிபிஎஸ்.

அக்கா வந்து எட்டிப் பாத்துட்டு "இதுக்குத் தான் ரெண்டு நாளா கம்ப்யூட்டர கட்டிக்கிட்டு இருந்தீங்களா, ஒரு பட்டன் தான"ங்கிறா. ஒரு பட்டன் தான், ஆனா எந்தப் பட்டன்னு தெரியணுமே.

40 வந்தாலும் எனக்கு மனசு ஆறல, லைன் 93 குடுக்குதே. ஆறரை லட்சம் பைட் விண்டோவுக்கு 60 மில்லிசெகண்ட்ல 86 வரைக்கும் போகலாம், அதனால இப்போ சொம்பு தடையில்ல, தூரமும் அந்த தூரப் பாதைல உள்ள நெரிசலும் தான். மதுரைல இருந்து 60 மில்லிசெகண்ட்ங்கிறது எனக்கு உறுத்துச்சு, கேம் ஃபைல் எல்லாம் ஊருக்கு ஊர் நகல் வெச்சு பக்கத்துல இருந்து தான் தருவாங்க, அது இவ்வளவு தூரம் போகக் கூடாது. கன்சோலோட நெட்வொர்க் செட்டிங்ஸ பாத்தேன், டிஎன்எஸ் மேனுவல்ல ஏதோ ஒரு நம்பர். கேட்டா, ஒரு வீடியோல இத போட்டா ஸ்பீடு வரும்னு சொன்னாங்க மாமா, போன வருஷம் போட்டேன்ங்கிறான்.

சர்வர் பேரக் குடுத்தா அதோட அட்ரஸச் சொல்றது தான் டிஎன்எஸ், அதனால எந்த நகல் உங்களுக்குக் கெடைக்கும்னு முடிவு பண்றது பல சமயம் அது தான். உங்க நெட்காரரோட டிஎன்எஸ் கேட்டா உங்க பக்கத்து நகலக் காட்டும், எங்கயோ தூர தேசத்துல இருக்கிற டிஎன்எஸ் மூலமா கேட்டா, நீங்களும் அங்க தான் இருக்கீங்கன்னு நெனச்சு அந்த ஊர் நகலக் காட்டிரும். லேப்டாப்ல இருந்தே சோதிக்கலாம்:

```
nslookup gs2.ww.prod.dl.playstation.net
```

இது நெட்காரர் டிஎன்எஸ் சொல்ற பதில். அதே வரிக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு, கன்சோல்ல இருந்த டிஎன்எஸ் நம்பர போட்டு மறுபடி ஓட்டுனா இன்னொரு பதில். ரெண்டும் வேற வேற அட்ரஸ் குடுத்துச்சு. ஒண்ணு 11 மில்லிசெகண்ட் தூரத்துல, இன்னொண்ணு 60. உங்க வயர்ஷார்க்ல வேற சர்வர் பேர் தெரிஞ்சா அந்தப் பேர போட்டுப் பாருங்க.

டிஎன்எஸ்ஸ Automatic-க்கு மாத்தி, லேப்டாப்ப எடுத்துட்டு கேபிள நேரா கன்சோல்ல சொருகி, டவுன்லோட பாஸ் பண்ணி ரெஸ்யூம் குடுத்தோம் (பாஸ் பண்ணாட்டி பழைய சர்வரோடயே பேசிட்டு இருக்கும், மாத்துனது உடனே தெரியாது). பத்து நிமிஷத்துல 6.6 ஜிபி, 88 எம்பிபிஎஸ். மீதி எல்லாம் மத்தியானம் சாப்பாடு முடியறதுக்குள்ள இறங்கிருச்சு.

ஒரு சோதன பாக்கி இருந்துச்சு, பையனுக்கு வெளயாடுற அவசரம், ஆனா நான் விடல. டிஎன்எஸ் சரியா இருக்கும்போது கேம மறுபடி தெறந்து பின்னாடி நிப்பாட்டி வெச்சா என்ன ஆகும்? கணக்குப்படி 56,000 பிட்ட 0.011-ஆல வகுத்தா 5 எம்பிபிஎஸ் வரணும். வேற ஒரு டெமோவ இறக்க விட்டு அளந்தோம், பத்து நிமிஷத்துல 370 எம்பி, 4.9. அச்சு அசலா.

டிஎன்எஸ் மாத்துனா ஸ்பீடு வரும்னு சொல்றவங்க ஏன் சொல்றாங்கன்னு இதுல புரியும். கேம் பின்னாடி ஓடிட்டு இருக்கிற ஒருத்தர் தூரத்து டிஎன்எஸ்ல இருந்து பக்கத்துக்கு மாறுனா 0.9 இருந்தது 5 ஆகும், அஞ்சு மடங்கு, அவர் சத்தியம் பண்ணிச் சொல்லுவாரு. ஏற்கனவே பக்கத்து சர்வர்ல இருக்கிற இன்னொருத்தர் அதே நம்பர போட்டா தூரத்துக்குப் போய் மாட்டிக்குவாரு, அவரு இது டுபாக்கூர்னு எழுதுவாரு. ரெண்டு பேருமே பாத்ததத் தான் சொல்றாங்க. லேப்டாப்ல ப்ராக்ஸி போட்டு, அதாவது கன்சோலுக்குப் பதிலா லேப்டாப்ப சர்வர் கிட்ட வாங்கித் தர வெச்சு, அது வழியா இறக்குனா வேகமா வருதுன்னு சொல்றதும் இதே தான், கன்சோல் நடக்குற தூரம் ரூமுக்குள்ள இருக்கிற லேப்டாப் வரைக்கும் ஆயிருது, ரெண்டு மில்லிசெகண்ட்னா ஏழு கேபி சொம்புலயே 28 எம்பிபிஎஸ் தூக்கலாம். வேல செய்யும், ஆனா கேம மூடுறது அத விட சுலபம். எக்ஸ்பாக்ஸ்ல இந்த அளவுக்குத் தேட வேண்டியதில்ல, டவுன்லோட் வரிசைலயே இப்போ என்ன ஸ்பீடுன்னு எம்பிபிஎஸ்ல காட்டும், கேம் ஓடுறதால மெதுவா போகுதுன்னும் அங்கயே சொல்லி, கேம நிறுத்தி வைக்கவும் வழி குடுக்கும்.

இவ்வளவும் பண்ணியும் ஒருத்தருக்கு ஸ்லோவாவே இருக்குன்னா? கேம் மூடியாச்சு, கேபிள் போட்டாச்சு, டிஎன்எஸ் ஆட்டோமேட்டிக், சர்வர் பக்கத்துல தான். அப்போ விடியக்காலம் அஞ்சு ஆறு மணிக்கு ஒரு தடவ, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவ அதே பத்து நிமிஷ அளவ எடுங்க. காலைல 80, ராத்திரி 10-ன்னா நெட்காரருக்கும் அந்த சர்வருக்கும் நடுவுல நெரிசல், வீட்டுக்குள்ள எத மாத்துனாலும் அது தீராது. அப்போ நெட்காரர கூப்பிடுறது நியாயம், ஆனா "நெட் ஸ்லோ"ன்னு சொன்னா மறுபடி ஹால்ல நின்னு போன எடுத்துருவாரு. கேபிள்ல லேப்டாப் போட்டு டெஸ்ட்ல 93, அதே நேரம் இந்த அட்ரஸ்ல இருந்து இறக்குனா 10, காலைல அதே அட்ரஸ் 80 குடுத்துச்சுன்னு தேதி நேரத்தோட எழுதிக் குடுங்க, மேல இருக்கிற டீமுக்கு அனுப்ப அவருக்கும் கையில ஒண்ணு வேணும்ல.

அக்கா வீட்டுல கடைசியா விட்டுட்டு வந்த நிலைமை: கேபிள் நிரந்தரமா கதவோரம் கிளிப் அடிச்சாச்சு, டிஎன்எஸ் ஆட்டோமேட்டிக், Keep Application Suspended டிக் எடுத்தாச்சு. ஹார்ட் டிஸ்க்க மட்டும் தள்ளி வைக்கல, கன்சோல் இப்போ வைஃபையே யூஸ் பண்ணல, அதனால அது அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நேத்து பையன் போன் பண்ணி, ஃபிரெண்டு வீட்டுல பிஎஸ்4 ஸ்லோவா இருக்கு, கேம மூட சொன்னேன் மாமா, 5-ல இருந்து 60 வந்துருச்சுன்னான்.